ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு '30 நாள் ஊதியம் போனஸ்' என்று ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் செய்தி வருகிறது. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஊதியப் பட்டியல் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது யாருக்கும் ஒரு மாத ஊதியம் அல்ல.

நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிடும் ஆணையில் கணக்கிடும் முறை தெளிவாக இருக்கிறது. சி பிரிவினரும், பி பிரிவில் கெசட் தகுதி இல்லாதவர்களும் இதைப் பெறலாம். மார்ச் 31 அன்று பணியில் இருக்க வேண்டும்; அந்த ஆண்டில் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். அடிப்படை ஊதியமே 18,000 ரூபாய்க்குக் குறையாத இன்றும் கணக்குக்கு உச்சவரம்பு 7,000தான். அதை 30ஆல் பெருக்கி, மாதத்தின் சராசரி நாட்களான 30.4ஆல் வகுத்தால் 6,908 ரூபாய். ஆகஸ்ட் 1 அன்று சேர்ந்தவருக்கு எட்டு மாதத்துக்கு மட்டும், அதாவது 4,605.

என் மனத்தை உறுத்துவது அதே ஆணையில் தற்காலிகக் கூலித் தொழிலாளர்களைப் பற்றிய பத்தி. அவர்களுக்கு உச்சவரம்பு 1,200 ரூபாய். கையில் கிடைப்பது 1,184. நிரந்தர ஊழியர்களின் வரம்பு 2,500, 3,500, 7,000 என்று உயர்ந்தபோதும் இந்த 1,200 அசையவில்லை.

தகுதியும் கடுமையானது. வாரம் ஆறு நாள் இயங்கும் அலுவலகமானால் ஆண்டுக்கு 240 நாள், ஐந்து நாள் இயங்குமானால் 206 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதுவும் மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும். கூட்டிச் சராசரி பார்க்க இடமில்லை. வாரம் ஐந்து நாள் இயங்கிய எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்த அம்மா ஒருவர் முதல் ஆண்டு 230 நாளும் மூன்றாம் ஆண்டு 224 நாளும் வந்திருந்தார். நடுவில் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போன ஆண்டில் 198 நாள். எட்டு நாள் குறைந்ததால் அவர் பெயரை நானே பட்டியலிலிருந்து அடித்தேன். சுற்றறிக்கை ஆங்கிலத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. "எனக்கு எப்போது சார் வரும்?" என்று அவர் வந்து கேட்ட பிறகுதான் விஷயத்தையே சொன்னேன். இன்றும் அதை எண்ணி வருந்துகிறேன்.

இரண்டு கோரிக்கைகள். 1,200 என்ற வரம்பை நிதி அமைச்சகம் 7,000 ஆக்க வேண்டும். அதுவரை ஒவ்வோர் அலுவலகமும் தன் சுற்றறிக்கையைத் தமிழிலும் வெளியிட்டு, யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை ரூபாயாகவே எழுத வேண்டும். தற்காலிகத் தொழிலாளர்களின் மூன்றாண்டு வருகைக் கணக்கையும் ஏப்ரலிலேயே அவர்களிடம் காட்டிவிட வேண்டும். வருகைப் பதிவேட்டில் விடுபட்ட நாட்களைத் தீபாவளி வாரத்தில் தேடி எடுக்க முடியாது.

ஓய்வுபெற்ற எழுத்தர்,
தாம்பரம்.