இரண்டாம் டிகாஷன், மூன்றாம் டிகாஷன்: எதை எதற்கு வைத்துக்கொள்ளலாம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொடி வாங்க வருகிறவர்களில் பலர் கேட்பது இது: “ஒரு தடவை இறக்கின பொடியிலேயே மறுபடியும் வெந்நீர் ஊற்றலாமா?” தாராளமாக ஊற்றலாம். பொடி விற்கிற நாங்களே சொல்கிறோம், நம்புங்கள். ஆனால் எவ்வளவு ஊற்றுவது, எப்போது ஊற்றுவது, இறங்கியதை எதில் கலப்பது என்பதில்தான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் ஃபில்டருக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். 40 கிராம் பொடி, அதாவது குவித்து நாலு மேசைக்கரண்டி, போட்டு 200 மில்லி கொதிநீர் ஊற்றுகிறீர்கள். கீழ்ப்பாத்திரத்தில் இறங்குவது ஏறக்குறைய 120 மில்லிதான். மீதி 80 மில்லி எங்கேயும் போய்விடவில்லை, பொடிக்குள்ளேயே நிற்கிறது. காப்பிப்பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படி நிற்கிற நீரும் வெறும் நீரில்லை. பொடியோடு ஊறிக் கிடக்கிற அதுவும் டிகாஷன்தான்.

இரண்டாவது தடவை ஊற்றும் வெந்நீரின் முதல் வேலை, இந்த 80 மில்லியைக் கீழே தள்ளுவது. இரண்டாம் டிகாஷனின் ருசியில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. ஆகவே 80 மில்லி மட்டும் ஊற்றுங்கள். பொடி ஏற்கெனவே நனைந்திருப்பதால் புதிதாக எதையும் உறிஞ்சாது, ஊற்றிய அளவே இறங்கும். முதல் தடவை போலவே 200 மில்லி ஊற்றினால், நல்ல 80 மில்லியோடு நிறம் மட்டும் உள்ள தண்ணீரும் சேர்ந்து இறங்கி, எல்லாம் கழுநீராகிவிடும். “செகண்ட் டிகாஷன் நல்லாவே இல்ல” என்று சொல்கிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது.

ஊற்றும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் டிகாஷன் முழுக்க இறங்கியதும் அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் இறங்க விட்டால் முதலும் கெட்டுப்போகும். அப்புறம் அமுக்கியை எடுத்துவிட்டுப் பொடியைப் பாருங்கள். ஓரத்தில் சுவரை விட்டு விலகி, மெல்லிய விரிசல் விட்டிருக்கும். அப்படியே ஊற்றினால் வெந்நீர் அந்த விரிசல் வழியாகவே ஓடிவிடும். இரண்டே நிமிடத்தில் சலசலவென்று இறங்கி, வெளிறிய பழுப்பாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கிறது. கரண்டிக் காம்பால் மேற்பொடியை மட்டும் லேசாகக் கிளறி ஓரத்தை மூடி, அமுக்கியைத் திரும்ப வைத்து, சுற்றி வட்டமாக ஊற்றுங்கள். அடி வரை கிளற வேண்டாம். நைசுப்பொடி துளைகளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஃபில்டரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நேரமும் முக்கியம். முதல் டிகாஷன் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவதை இறக்கிவிடுங்கள். காலையில் போட்ட பொடியில் சாயங்காலம் ஊற்றினால், இடையில் வாசனை போய்விட்டிருக்கும். இரவு முழுக்க ஈரமாகக் கிடந்த பொடியில் புளிச்ச வாடை வரும். அது குப்பைக்குத்தான்.

சரி, எதில் கலப்பது? ஐந்து பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு எழுகிற மூன்று பேருக்கு முதல் டிகாஷனில் ஆளுக்கு 30 மில்லி, பால் 100 மில்லி. கள்ளிச்சொட்டு மாதிரி மூன்று டம்ளர் ஆயிற்று. முதல் டிகாஷனில் 30 மில்லி மிச்சம். எட்டு மணிக்கு எழுகிற இரண்டு பேருக்கு அந்த 30 மில்லியோடு இரண்டாம் டிகாஷன் 80 மில்லியையும் சேர்த்தால் 110 மில்லி. ஆளுக்கு 55 மில்லி டிகாஷன், 80 மில்லி பால். டம்ளர் அளவு ஏறக்குறைய அதேதான், விகிதம்தான் மாறுகிறது. டிகாஷன் நீர்க்க இருப்பதால் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. இன்னும் ஐந்து நிமிடம் சுண்டக் காய்ச்சினால் உத்தமம். முதல் டிகாஷனே சேர்க்காமல் இரண்டாவதை மட்டும் வைத்துக் காப்பி போட்டால் குடிக்கலாம், ஆனால் கெட்டித்தன்மை இருக்காது. சிக்கரி கலந்த பொடியில் இது நன்றாகவே தெரியும். சிக்கரி வெந்நீரில் சீக்கிரம் கரைகிற சரக்கு, தன்னிடம் உள்ளதில் பெரும்பங்கை முதல் தடவையே கொடுத்துவிடும்.

டிகாஷன் ஆறிப்போனால் நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், கசப்பு ஏறும். பாலைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் கலந்தாலே போதும். கேக் செய்கிறவர்கள் சாக்லேட் கேக் மாவில் தண்ணீருக்குப் பதில் இந்த இரண்டாம் டிகாஷனை ஊற்றலாம், நன்றாகவே பொருந்துகிறது. கோல்டு காப்பிக்கு மட்டும் வேண்டாம். ஐஸ் கரையக் கரைய இருக்கிற ருசியும் காணாமல் போய்விடும், அதற்கு முதல் டிகாஷன்தான்.

இன்னொன்று. “ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னு செகண்ட் டிகாஷன்ல குடிக்கிறேன்” என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். பொடியில் தங்கி நின்ற முதல் டிகாஷன்தானே இறங்குகிறது, காஃபீன் அதிலும் இருக்கும். குறைவு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாம் டிகாஷனைப் பால் காப்பிக்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வாசனை முதலிலேயே போய்விட்டது, மிச்சம் இருப்பது நிறமும் நாக்கில் ஒட்டுகிற ஒரு துவர்ப்பும்தான். பால் அதை மறைக்காது. கருப்பட்டியும் சுக்கும் மறைக்கும். மூன்றாவதாக 100 மில்லி இறக்கி, இன்னும் 100 மில்லி தண்ணீர் சேர்த்து, தட்டிய சுக்கு, கொத்தமல்லி விதை, ஒரு துண்டு கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். பால் சேர்க்க வேண்டாம், கருப்பட்டியோடு கொதித்தால் திரிந்துபோகலாம். தலைக்கு மருதாணிப் பொடி குழைக்கிறவர்களுக்கும் வெறும் தண்ணீருக்குப் பதில் இது உதவும். இதற்குக்கூட ஆள் இல்லாவிட்டால் மூன்றாவதை விட்டுவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

கடைசியாக, உங்கள் வீட்டு இரண்டாம் டிகாஷன் முதல் டிகாஷனைப் போலவே திடமாக இருக்கிறதா? சந்தோஷப்பட வேண்டாம். முதல் தடவையில் பொடி சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் கொதிக்காமல் இருந்திருக்கலாம், அமுக்கியை வைக்காமல் ஊற்றியிருக்கலாம், இல்லாவிட்டால் அரவை கரகரப்பாக இருக்கலாம். முதல் இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். அரவைதான் காரணம் என்று தோன்றினால் பொடியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு அடுத்த முறை ஒரு சுற்று நைசாக அரைத்துத் தருகிறோம். ஃபில்டரையும் கூடவே எடுத்துவந்தால் நல்லது. துளை பெரிதாக உள்ள ஃபில்டருக்கு ரொம்ப நைசாக அரைத்தால் வண்டல் இறங்கும், துளையைப் பார்த்துத்தான் அரவையைச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
உங்கள் காப்பிப்பொடிக் கடையிலிருந்து