வாட்ஸ்அப் போலில் ஆறு பேர், கூட்டத்தில் நாலு பேர்: எங்கள் பழைய மாணவர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தலைவர் அண்ணன், செயலாளர், பொருளாளர் அக்கா, மற்றும் குழுவில் இருக்கும் எல்லாருக்கும்,

போன கூட்டம் போதிய ஆள் வராமல், கோரம் இல்லாமல் கலைந்தபோது, யாருக்கும் பொறுப்புணர்வு இல்லை என்று குறூப்பில் சிலர் குறை சொல்லியிருந்தீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வரமுடியாத ஒரு நேரத்தை நாமே வாக்குப் போட்டுத் தெரிவு செய்துவிட்டு, வராதவர்களோடு கோபித்துக்கொண்டு இருக்கிறோம். இதைத் திறந்த மடலாக எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஊரில் கோயில் சபை, நூலகக் குழு, விளையாட்டுக் கழகம் என்று எங்கு பார்த்தாலும் இதே கதைதான், அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில், கூட்ட நேரத்துக்காக வாட்ஸ்அப் குறூப்பில் போட்ட அந்தப் போலை, அதாவது வாக்கெடுப்பைப் பார்ப்போம். ஞாயிறு காலை 10 மணிக்கு ஆறு பேர் தட்டியிருந்தார்கள், ஞாயிறு பின்னேரம் 3.30க்கு ஐந்து பேர். ஆறு பெரிது, ஆகவே காலை 10 என்று முடிவு. ஒன்பது பேர் குழுவில் கோரம் ஐந்து, ஆறு பேர் வருவார்கள் என்றால் பிரச்சினை இல்லைதானே. வந்தது நாலு பேர்.

அந்த ஆறு பேரையும் நான் தனித்தனியாகப் போனில் கேட்டேன். தலைவர், உதவிச் செயலாளர், அக்கரைப்பற்றுத் தம்பி, இந்த மூவருக்கும் காலை 10 உண்மையிலேயே வசதி. மற்ற மூவரும், அதாவது செயலாளரும் கல்முனை அண்ணனும் வெல்லாவெளி அண்ணனும், "எல்லாரும் தட்டியிருக்கினம், எப்படியாவது வருவம்" என்று தட்டியவர்கள். அந்த "எப்படியாவது"வில் ஒருவர் வந்தார், இருவருக்கு அன்றைக்கு ஏலவில்லை. இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. வாட்ஸ்அப் போலில் ஒருவர் தட்டலாம், அல்லது தட்டாமல் விடலாம், அவ்வளவுதான். கஷ்டப்பட்டு வருவேன் என்று சொல்ல அதில் இடமே இல்லை. இன்னொன்று, தட்டாதவர் ஏலாது என்கிறாரா, அல்லது போலையே பார்க்கவில்லையா என்பதும் தெரியாது. பொருளாளர் அக்கா தட்டவில்லை, காரணம் ஞாயிறு காலை பூசை. ரீச்சர் தட்டவில்லை, காரணம் மதியம் வரைக்கும் ரியூசன். லண்டன் தம்பியும் தட்டவில்லை, நமக்குக் காலை 10 என்றால் அங்கே கோடையில் விடியற்காலை 5.30. இந்த மூன்று மௌனத்தையும் நாம் ஒரு செய்தியாகவே எடுக்கவில்லை.

பின்னேரம் 3.30ஐயும் அப்படியே கேட்டுப் பார்த்தேன். அங்கேதான் வேடிக்கை. தட்டிய ஐந்து பேருக்கும் அது முழு வசதி: செயலாளர், பொருளாளர், ரீச்சர், வெல்லாவெளி அண்ணன், லண்டன் தம்பி. தட்டாத நாலு பேரில் தலைவரும் உதவிச் செயலாளரும் கல்முனை அண்ணனும் கஷ்டப்பட்டென்றாலும் வருவார்கள். முற்றாக ஏலாதவர் அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர்தான், ஞாயிறு பின்னேரம்தான் அவருடைய கடைக்குச் சனம் வரும். ஆக, காலை 10க்கு மூன்று வசதி, மூன்று கஷ்டம், மூன்று ஏலாது. பின்னேரம் 3.30க்கு ஐந்து வசதி, மூன்று கஷ்டம், ஒன்று ஏலாது. வாக்கு எண்ணிக்கையில் தோற்ற நேரம்தான் நல்ல நேரம்.

ஆகவே என் முதல் கோரிக்கை. அடுத்த முறை கூகுள் ஷீட்டில் ஒன்பது பெயரையும் கீழ்நோக்கி எழுதுங்கள், நேரங்களைக் குறுக்கே எழுதுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் "வசதி", "கஷ்டம்", "ஏலாது" மூன்றில் ஒன்று கட்டாயம் வேண்டும். வெறுமையாக விட்டால் அவருக்குச் செயலாளர் போன் எடுக்க வேண்டும், வெறுமையை "ஏலாது" என்றோ "வசதி" என்றோ நாமாக நிரப்பக்கூடாது. நேரங்கள் ஆறுக்கு மேல் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு கட்டம் என்றால் சனம் பார்க்காமலே நிரப்பும். அதோடு தேதி போடாதீர்கள். "14ஆம் திகதி ஏலுமா" என்று கேட்டால் அந்த 14ஆம் திகதிக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். நமக்கு வேண்டியது வருடம் முழுக்க ஓடுகிற ஒரு நேரம், ஆகவே "சாதாரணமான ஒரு ஞாயிறு பின்னேரம் எப்படி" என்று கேட்க வேண்டும்.

தெரிவு செய்யும்போது கூட்டிப் பார்த்து முதலிடம் கொடுக்காதீர்கள். முதலில், இல்லாமல் கூட்டமே நடக்காதவர்கள் யார் என்று பாருங்கள். கணக்கு அறிக்கை வைக்காமல் நாம் ஒரு தீர்மானமும் எடுப்பதில்லை, ஆகவே பொருளாளருக்கு "ஏலாது" என்றால் அந்த நேரம் அத்தோடு போச்சு. மிச்சமிருப்பதில் "ஏலாது" ஆகக் குறைவானதை எடுங்கள், சமமாக வந்தால் மட்டும் "வசதி" கூடினதைப் பாருங்கள்.

மறுகா, நேரம் கிடைத்துவிட்டது, எந்த ஞாயிறு? இதில்தான் நம் குழு வருடாவருடம் விழுகிறது. போன கூட்டத்துக்கு வந்த நாலு பேரும் தேத்தண்ணி குடித்தபடி சொன்ன யோசனைகளை நானும் கேட்டேன். "பௌர்ணமி விடுமுறையில் வைப்பம்" என்றார் ஒருவர். பௌர்ணமி கிழமை மாறி மாறி வரும், செவ்வாயில் வந்தால் லண்டனில் அன்று வேலை நாள், ஞாயிறுக்கு நிரப்பிய ஷீட் அங்கே உதவாது. 2026 மே மாதத்தில் பௌர்ணமி இரண்டு தரம் வருகிறது, அப்ப அந்த மாதம் இரண்டு கூட்டமா? "நாலு கிழமைக்கு ஒருக்கா" என்றார் இன்னொருவர். அப்படி வைத்தால் வருடத்துக்கு 13 கூட்டம் வரும், எந்த மாதம் எந்தத் திகதி என்று யாருக்கும் மனதில் நிற்காது.

"இரண்டாம் ஞாயிறு" என்பது கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் இரண்டாம் ஞாயிறு எப்போதும் 8க்கும் 14க்கும் இடையில்தான் விழும். ஏப்ரலில் அது சித்திரை வருடப் பிறப்புக்கு உள்ளே அல்லது அதற்கு முதல் நாட்களில் போய் நிற்கும், ஜனவரியில் பொங்கலுக்கு முன் கடைத்தெருவில் நிற்கும். வருடத்தில் இரண்டு கூட்டம் விதியிலேயே செத்துவிடும். மூன்றாம் ஞாயிறு 15 முதல் 21 வரை. பொங்கலும் வருடப் பிறப்பும் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே, ஷீட்டில் வேறு நேரம் வெல்லாவிட்டால், மூன்றாம் ஞாயிறு, பின்னேரம் 3.30. யாராவது "இரண்டாம் சனிக்கு அடுத்த நாள்" என்று எழுதினால் விடாதீர்கள், அது எப்போதும் இரண்டாம் ஞாயிறும் இல்லை, எப்போதும் மூன்றாம் ஞாயிறும் இல்லை. 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதம் இரண்டாம் சனி 14, அடுத்த நாள் 15 மூன்றாம் ஞாயிறு. வேறு மாதங்களில் அது இரண்டாம் ஞாயிறாகிவிடும்.

விலக்கும் இப்போதே எழுதிவைக்க வேண்டும், வந்த பிறகு சண்டை பிடிக்கக்கூடாது. மூன்றாம் ஞாயிறில் உயிர்த்த ஞாயிறு வரலாம், 2025இல் ஏப்ரல் 20இல் வந்தது, 2028இல் ஏப்ரல் 16இல் வரும். மட்டக்களப்பில் அன்று கூட்டம் வைக்கிற எண்ணமே யாருக்கும் வரக்கூடாது, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலுக்குப் பிறகு சொல்லவும் வேண்டாம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, கோயில் கதவு திறந்தால் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் மட்டும் சில ஊர்க்காரர் வேறு எதுக்கும் அசையமாட்டார்கள், அதுவும் சரிதான். இந்த இரண்டு சந்தர்ப்பத்திலும் கூட்டம் அடுத்த ஞாயிறுக்குப் போகும், அதே நேரம், புதுப் போல் கிடையாது. வேறு காரணத்துக்குத் தள்ள வேண்டுமென்றால் செயலாளர் பத்து நாளுக்கு முன் சொல்ல வேண்டும், அதுவும் அடுத்த ஞாயிறுக்குத்தான்.

கலண்டரில் போடுபவர் யார் என்பதும் முக்கியம். சூம் இணைப்பு லண்டன் தம்பியின் கணக்கில் இருக்கிறது, அதனால் அவரே கூட்டத்தை அமைத்தார், அது லண்டன் நேரத்தில் பதிவானது. நமக்குப் பின்னேரம் 3.30 என்றால் கோடையில் அங்கே காலை 11. ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பார்கள், நம்முடையது அசையாது. அவருடைய கலண்டரில் காலை 11 அப்படியே இருக்கும், நமக்கு அது 4.30 ஆகிவிடும். லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் என்பது ஒரு கோப்பி. வெல்லாவெளி அண்ணன் படுவான்கரைக்குத் திரும்ப வேண்டியவர், மாரியில் ஆறு மணியோடு இருட்டிவிடும், வழியில் யானை. அவர் "வசதி" என்று எழுதியது 3.30க்கு, 4.30க்கு அல்ல. ஆகவே பதிவு இங்கத்தைய நேரத்தில் இருக்க வேண்டும், கணினி தெரிந்தவர்களுக்கு விதி இவ்வளவுதான்:

```
DTSTART;TZID=Asia/Colombo:20270117T153000
RRULE:FREQ=MONTHLY;BYDAY=3SU
```

கூகுள் கலண்டரில் இதைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்து, மாதாந்தம் மூன்றாம் ஞாயிறு என்று தெரிவு செய்தால் போதும். அப்புறம் லண்டன் தம்பிக்கு மாரியில் காலை 10, கோடையில் 11 என்று தானாகக் காட்டும். ஒரு கூட்டத்தைத் தள்ளும்போது "இந்த நிகழ்வு மட்டும்" என்பதைத் தட்டுங்கள், "இதுவும் இனி வருபவையும்" என்பதைத் தட்டினால் வருடம் முழுக்க நகர்ந்துவிடும், பிறகு யார் செய்தது என்று தேடவேண்டி வரும்.

ஒரு நேர்மையான சிக்கல் மிச்சம். எந்த நிலையான நேரமும் ஒரே ஆளைத்தான் ஒவ்வொரு முறையும் வெளியே விடும், இங்கே அக்கரைப்பற்றுத் தம்பி. ஆகவே மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பரில் அதே மூன்றாம் ஞாயிறு, இரவு 8 மணிக்கு, சூமில் மட்டும். கடை பூட்டிய பிறகு அவர் வருவார். அன்றைக்கு வெல்லாவெளி அண்ணனுக்கு சிக்னல் கஷ்டம், அது எனக்குத் தெரியும். கஷ்டத்தை ஆள் மாற்றி வைக்கிறோம், இல்லாமல் ஆக்க ஏலாது. ஜனவரியில் ரியூசன் நேரசூசி மாறும், அப்போது வருடத்துக்கு ஒருமுறை ஷீட்டைத் திரும்ப நிரப்புவோம், இடையில் வேண்டாம்.

ஷீட்டை நான் திறந்து இணைப்பைக் குறூப்பில் போட்டிருக்கிறேன், ஆறு நேரமும் எழுதியாயிற்று. வரும் புதனுக்கு முன் நிரப்புங்கள். மற்றவர் எழுதியதைப் பார்த்து எழுதுவது பழக்கமாகிவிட்டபடியால், விரும்பியவர்கள் செயலாளருக்குத் தனியாக அனுப்பலாம், அவர் போடுவார். வெல்லாவெளி அண்ணன் வாட்ஸ்அப் கிழமைக்கு ஒருக்காத்தான் பார்ப்பார், அவருக்கு செயலாளர் போன் எடுக்கவும், இரவு எட்டுக்குப் பிறகு எடுத்தால்தான் வயலில் இருந்து வந்திருப்பார்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர்
மட்டக்களப்பு