கல்யாணம் பேசி முடித்து வைக்கும் நம் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களே,

சிங்கப்பூரில் நம் குடும்பங்களில் சம்பந்தம் பேசுவதிலிருந்து தாலி எடுத்துக் கொடுப்பது வரை முன்னால் நிற்கிறவர்கள் நீங்கள். ஒரு தம்பதிக்குள் சண்டை வந்தால் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசித் தீர்ப்பதும் நீங்கள்தான். உங்களை எனக்குப் பிடிக்கும், என் கல்யாணத்தையே உங்களில் இரண்டு பேர்தான் நடத்தி வைத்தார்கள், அதனால் மனசில் இருப்பதை நேராகவே எழுதுகிறேன்.

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருஷம் எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் துணையாக அவள் வழக்கறிஞரைப் பார்க்கப் போய் வந்தேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், யாரென்று தெரியாமலிருக்க ஊரையும் வருஷங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவள் கணவர் இங்கே பிறந்து வளர்ந்தவர். முதல் மனைவியோடு ஒத்துவராமல் விவாகரத்துக்குப் போட்டு, 2015 மார்ச் மாதம் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. வந்ததும் நீங்கள் பெண் பார்த்தீர்கள். மே மாதம் கும்பகோணத்தில் கோயிலில் தாலி கட்டி, அங்கேயே பதிவும் செய்து, சான்றிதழோடு அவளை இங்கே அழைத்து வந்தார்கள். அந்த மார்ச் மாதத் தீர்ப்பை லேமினேட் செய்து சாமி அலமாரியில் வைத்திருந்தார் அவர். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலைப்பிலேயே இருக்கிறது, அது இடைக்காலத் தீர்ப்பு.

இதைத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் கவனிப்பதே இல்லை. இங்கே விவாகரத்து இரண்டு படியாக நடக்கும். முதலில் இடைக்காலத் தீர்ப்பு வரும். அதற்குப் பிறகு பொதுவாக மூன்று மாதம் காத்திருந்து, சொத்து, பிள்ளைகள் விவகாரமும் முடிந்திருந்தால், இறுதித் தீர்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக வீடு தேடி வராது. அந்த இரண்டாவது காகிதம் கைக்கு வரும் வரைக்கும் சட்டத்தின் கண்ணில் முதல் திருமணம் உயிரோடுதான் இருக்கிறது. தனித்தனியாக இருப்பதற்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தமும் அப்படித்தான், அதில் கையெழுத்துப் போட்டதால் யாரும் மறுமணத்துக்குத் தகுதியானவர் ஆகிவிட மாட்டார். இந்த மனிதர் இறுதித் தீர்ப்பு வாங்கியது ஆகஸ்ட் மாதம். தாலி கட்டியது மே மாதம்.

1961-இல் வந்த மாதர் சாசனத்தின் 4-வது பிரிவு, முதல் திருமணம் நீடிக்கும்போது செய்துகொள்ளும் இன்னொரு திருமணம் செல்லாது என்கிறது. (முஸ்லிம் முறைப்படி நடக்கும் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு, நான் அதைப் பற்றிப் பேசவில்லை.) 'கல்யாணம் ஊரில்தானே நடந்தது, இங்கத்திய சட்டம் அங்கே எப்படி வரும்' என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். வரும். சிங்கப்பூரை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர்கள் எந்த நாட்டில் தாலி கட்டினாலும் சாசனம் அவர்களோடு போகும். இந்தியச் சட்டப்படி பார்த்தாலும் பதில் அதேதான், இந்து திருமணச் சட்டமும் மணமக்களில் யாருக்கும் உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே என்றால், அது சடங்கு நடந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். செல்லாத ஒன்றைப் பதிவு செய்தாலும் அது செல்லாததுதான். ஆகஸ்டில் வந்த இறுதித் தீர்ப்பு பின்னோக்கிப் போய் மே மாதத்தைச் சரி செய்யவும் செய்யாது.

குற்ற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்படி மறுமணம் செய்வது குற்றவியல் சட்டத்தின் 494-வது பிரிவில் வரும், ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் 495, பத்து ஆண்டு வரை போகும். தெரிந்தே உடனிருந்து நடத்தி வைத்தவர்கள் மேலும் உடந்தை என்று வழக்கு வரலாம். நீங்கள் இதை முழுசாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் வேறு.

2017-இல் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். 2018-இல் வேறு ஏதோ வேலையாகப் பத்திரங்களைப் பார்த்த ஒரு வழக்கறிஞர் இந்தத் தேதிக் குழப்பத்தைக் கண்டுபிடித்து, 'இருவரும் இப்போது தடையில்லாதவர்கள், திருமணப் பதிவகத்தில் முறைப்படி ஒரு தடவை பதிந்துவிடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது எவ்வளவு எளிய வேலை! பெற்றோர் முறையாக மணந்துகொண்டால் ஏற்கெனவே பிறந்த பிள்ளையையும் சட்டபூர்வப் பிள்ளையாக்கும் சட்டம் இங்கே இருக்கிறது. அவள் கணவர் வந்து உங்களிடம் சொன்னார். 'மூணு வருஷம் குடித்தனம் நடத்திட்டு மறுபடி கல்யாணமா, நாலு பேர் என்ன பேசுவாங்க, விடு' என்றீர்கள். விட்டுவிட்டார். 2022-இல் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. மத்திய சேமநிதிக்கும் யாரையும் நியமிக்கவில்லை, அதனால் அந்தப் பணம் பொது அறங்காவலர் வழியாக, உயில் இல்லாதவர் சொத்தைப் பங்கிடும் அதே சட்டப்படிதான் பிரியும்.

சரி, இப்போது பங்கைப் பார்ப்போம். முதல் மனைவிக்கு விவாகரத்து முடிந்துவிட்டது, பங்கில்லை. இவளுடைய திருமணம் செல்லாது, அதனால் ஏழு வருஷம் சமைத்துப் போட்டு ஆஸ்பத்திரியில் காவல் இருந்தவளுக்கும் மனைவி என்ற பங்கு கிடையாது. கணவர் உயிரோடு இருந்தபோதே திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டிருந்தால், நீதிமன்றம் சொத்தையும் பிரித்துக் கொடுத்து ஜீவனாம்சமும் தரலாம், 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. அந்தக் கதவு அவரோடு மூடிவிட்டது. மிச்சம் பிள்ளைகள். முதல் திருமணத்தில் இரண்டு பேர், அப்புறம் இந்தப் பையன். மொத்தம் மூன்று லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவனும் சட்டபூர்வப் பிள்ளை என்றால் ஆளுக்கு ஒரு லட்சம். இல்லையென்றால் அந்த இரண்டு பேருக்கும் ஒன்றரை ஒன்றரை, இவனுக்கு ஒரு காசு கிடையாது. ஏனென்றால் அந்தப் பங்கீட்டுச் சட்டத்தில் 'பிள்ளை' என்றால் சட்டபூர்வமாகப் பிறந்த பிள்ளையும் தத்துப் பிள்ளையும்தான். அப்பாவின் சொத்திலிருந்து பராமரிப்பாவது கேட்கலாமே என்றால், 2009-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பராமரிப்புக்கான சட்டத்திலும் 'பிள்ளை' என்ற சொல்லுக்கு அதே பொருள்தான் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும் வரைதான் எந்தப் பிள்ளையையும் பராமரிக்கும் கடமை அவருக்கு முழுசாக உண்டு, அதில் சட்டம் வித்தியாசம் பார்க்காது.

இந்த இடத்தில்தான் மாதர் சாசனத்தின் 111-வது பிரிவு வருகிறது, இந்த மடலே அதற்காகத்தான். செல்லாத திருமணத்தில் 2 மே 1975 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை சட்டபூர்வப் பிள்ளையாகக் கருதப்படும், ஆனால் ஒரு நிபந்தனை: கல்யாண நாளன்று, பெற்றோரில் ஒருவராவது அந்தத் திருமணம் செல்லும் என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். இருவரும் நம்பியிருக்க வேண்டியதில்லை, ஒருவர் போதும். பிற்பாடு உண்மை தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு நாளின் நம்பிக்கைதான் கணக்கு. 2018-இல் வழக்கறிஞர் சொல்லித் தெரிந்துகொண்டது இவளுக்கு எதிராகப் போகாது. ஆனால் 2015 மே மாதம் அவள் மனசில் என்ன இருந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பது எல்லாவற்றுக்கும் மேல் முக்கியம்.

அவள் அப்போது ஊரில் இருந்த பெண். இடைக்காலத் தீர்ப்பு என்றால் என்னவென்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவள் நம்பியது உங்கள் வார்த்தையை. 'கேஸ் முடிஞ்சிருச்சும்மா, தீர்ப்பு கைக்கு வந்திருச்சு, மாப்பிள்ளை இப்ப சுத்தமா தனி ஆளு' என்று ஒரு மாமா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், தேதியோடு இருக்கிறது. நானே கேட்டேன். பின்னணியில் எம்ஆர்டி கதவு மூடும் சத்தம் வரை தெளிவாக இருக்கிறது.

ஆனால் போன மாதம் வழக்கறிஞர் அலுவலகத்தில் அதே மாமா என்ன சொன்னார்? 'அவளுக்கு எல்லாம் தெரியும், இன்னும் பாக்கி இருக்குன்னு நாங்க சொல்லித்தான் கட்டி வெச்சோம்.' ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. தப்பான வார்த்தை கொடுத்துப் பெண் எடுத்தோம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, அந்தப் பயம்தான். அந்த ஒரு வாக்கியம் என்ன செய்கிறது தெரியுமா? அவள் நம்பவில்லை என்று ஆகிவிடும், நிபந்தனை உடைந்துவிடும், அந்தப் பையன் தன் அப்பாவுக்குச் சட்டப்படி யாருமில்லை என்று ஆகிவிடுவான். உங்களுக்கும் அது நல்லதில்லை, பாக்கி இருப்பது தெரிந்தும் நடத்தி வைத்தோம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அவர் அதைச் சொன்னபோது பையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே எழுத்துப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தான்.

ஊரில் இருக்கும் நிலத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு, பெற்றோர் என்ன நம்பினார்கள் என்று கேட்காமலே, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டபூர்வப் பிள்ளையாக ஏற்கிறது. பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு, மற்ற உறவினர் சொத்தில் கிடையாது. பூர்விகச் சொத்து என்றால், அப்பா இறப்பதற்குச் சற்றுமுன் பாகம் பிரித்திருந்தால் அவருக்கு என்ன வந்திருக்குமோ அதில் இவனுக்கும் பங்கு என்று 2023 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கும்பகோணத்து வயலில் வாரிசாக நிற்கும் ஒரு பையன், அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்த சிங்கப்பூரில் வாரிசா இல்லையா என்பது உங்கள் வாய்ச்சொல்லில் தொங்குகிறது.

இனிமேல் மறுமணம் பேசும்போது 'தீர்ப்பு வந்துவிட்டதா' என்று கேட்காதீர்கள். 'இறுதித் தீர்ப்பைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள், அதிலுள்ள தேதிக்குப் பிறகு மட்டும் நாள் குறியுங்கள். ஏற்கெனவே இப்படி நடந்துவிட்ட வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், இருவரும் உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பதிவகத்துக்கு அனுப்புங்கள், உயிலும் சேமநிதி நியமனமும் பிள்ளை பெயரைச் சொல்லி எழுத வையுங்கள். அவை இரண்டுக்கும் பிள்ளை சட்டபூர்வமா இல்லையா என்ற கேள்வியே எழாது.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் அஃபிடவிட் இன்னும் கையெழுத்தாகவில்லை. 2015-இல் நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, இடைக்காலத் தீர்ப்பையே முடிவென்று நீங்களும் நம்பினீர்கள், அந்தக் குரலைக் கேட்டாலே தெரிகிறது. அன்றைக்கு அவளிடம் என்ன சொன்னீர்களோ, அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.