ரசீதைப் படித்த பிறகே எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகைக் கார் செயலிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் கடந்த வாரம் வெளியான கட்டுரையில், 'பயணிகள் ரசீதைப் பொறுமையாகப் படித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்' என்று ஒரு வரி இருந்தது. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரி என் மனத்தைப் புண்படுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ரசீதைப் படித்ததால்தான் எனக்குக் குழப்பமே தொடங்கியது.

சென்ற மாதம் திருச்சிப் பேருந்தைப் பிடிப்பதற்காக, கொருக்குப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளாம்பாக்கம் செல்ல நானும் என் மனைவியும் கார் பதிவு செய்தோம். பேருந்து நிலையம் ஊரின் மறுகோடிக்குப் போனதிலிருந்து வடசென்னைக்காரர்களுக்குப் பெட்டி படுக்கையுடன் வேறு வழியில்லை என்பது தாங்கள் அறியாததன்று. சாதாரணக் கட்டணம் 720 ரூபாய், தேவை அதிகமுள்ள நேரம் என்பதால் 1.3 மடங்கு, ஆக 936 ரூபாய் என்று திரையில் காட்டியது. அதற்கு ஒப்புக்கொண்டுதான் பதிவு செய்தேன். இறங்கியபோது நூற்று முப்பது ரூபாய் கூடியிருந்தது.

முதலில் காத்திருப்புக் கட்டணத்தைச் சொல்கிறேன். கார் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம் வாசலில் பெட்டியோடு நின்றோம். கூட்ஸ் வண்டி ஊர்ந்து கடந்து கேட் திறப்பதற்குப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. ஆனால் செயலியோ தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை. வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தைப் பார்த்து, வண்டி வந்துவிட்டதாகக் கணக்கிட்டுக்கொண்டது. முதல் மூன்று நிமிடம் இலவசம், மீதிப் பதினொரு நிமிடத்துக்கு நிமிடத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 22 ரூபாய். ஓட்டுநரை நான் குறை சொல்லமாட்டேன். "வந்தாச்சுன்னு அழுத்தலைன்னா நான் நின்ன நேரத்துக்கு எனக்கு ஒண்ணுமே கிடையாது சார்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மூடிய கேட்டுக்கு நான் ஏன் காத்திருப்புக் கட்டணம் தர வேண்டும்?

அதற்கு மேலும் ஒன்று. ரசீதில் பயணக் கட்டணம் 964 ரூபாய் 60 காசு என்று ஒரே தொகையாக இருந்தது. அதை 1.3 ஆல் வகுத்தேன்; 742 வந்தது. அதாவது 720 உடன் அந்த 22 ரூபாயையும் கூட்டி, மொத்தத்தையும் 1.3 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். கார்களுக்குத் தேவை அதிகம் என்பதற்காகக் கேட் முன் நிற்கும் நிமிடமும் விலை ஏறுமா? மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2020 இல் இந்த மடங்குக்கு 1.5 என்றும், 2025 இல் 2 என்றும் உச்ச வரம்பு வகுத்தன. எங்கள் ரசீது அந்த வரம்புக்குள்தான் இருந்தது. எந்தத் தொகையை மடங்காக்கினார்கள் என்பதை ரசீது சொல்லாதவரை, வரம்பு இருந்து எங்களுக்கு என்ன பயன்?

அடுத்தது சுங்கம். மாதவரம் ரவுண்டானாவில் கன்டெய்னர் லாரிகள் நின்றதால் ஓட்டுநர் பெரம்பூர், பாடி வழியாகச் சென்று அம்பத்தூர் எஸ்டேட் அருகில்தான் பைபாஸில் ஏறினார். ஆகவே சூரப்பட்டு சாவடியை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கடந்தது வானகரம் ஒன்றுதான். ரசீதில் இரண்டுக்கும் சேர்த்துச் சுங்கம் போடப்பட்டிருந்தது, சாவடிப் பெயர் இல்லாமல், ஒரே வரியில். ஓட்டுநரே தம் கைப்பேசியைக் காட்டினார்: ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்த குறுஞ்செய்தி ஒன்றே ஒன்று, வானகரம் என்ற பெயருடனும் நேரத்துடனும் இருந்தது. செயலி முதலில் போட்ட பாதைக்கான சுங்கத்தையே கடைசி வரை வைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று முறை புகார் எழுதினேன். இரண்டு முறை 'தங்கள் கட்டணம் சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது' என்ற ஒரே பதில் வந்தது. மூன்றாம் முறை குறுஞ்செய்தியின் படத்தை இணைத்த பிறகு ஒரு சாவடியின் தொகை மட்டும் திரும்பியது.

2013 இல் ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் எனக்கு இன்றும் மனப்பாடம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12, காத்திருப்பு ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய். மீட்டர் போடாத ஆட்டோக்களுடன் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டவன் நான். ஆனாலும் அந்தக் கணக்கைத் தெருவில் நின்றபடியே போட முடிந்தது. ஸ்டான்லி மருத்துவமனைக்கு என் மனைவியை அழைத்துச் சென்ற இரவில் 1.4 மடங்கு காட்டிய திரை, பத்து நிமிடம் பொறுத்திருந்தால் பழைய கட்டணத்துக்கு இறங்கியிருக்கும் என்று பிறகு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். நோயாளியை வைத்துக்கொண்டு யார் பொறுத்திருப்பார்கள்?

நான் கேட்பது சிறியது. கடந்த சாவடியின் பெயரும் நேரமும், காத்திருப்பு தொடங்கிய நிமிடமும், மடங்கு எந்தத் தொகையின் மேல் போடப்பட்டது என்பதும் ரசீதில் தனித்தனி வரிகளாக வர வேண்டும். அதைப் போக்குவரத்துத் துறையின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும். கட்டுரையாளர் விரும்பினால் என் ரசீதின் நகலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21.