உசிலம்பட்டிப் பக்கத்துக் கோடாங்கிகளுக்கும் பூசாரிகளுக்கும்

ஐயாமார்களுக்கு வணக்கம்,

என் அக்கா மகனுக்கு எட்டு வயசு. போன வருசம் விளையாடிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நின்று ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பான், வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். ஒரு நிமிசமோ இரண்டு நிமிசமோ. பிறகு மலங்க மலங்க விழித்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவான். கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. அதற்குக் கொஞ்சம் முன்னால் "பயமா இருக்கு"ன்னு அம்மாவைக் கட்டிக்கொள்வான் என்பதால் முனி அடித்துவிட்டது என்று முடிவு செய்து உங்களில் ஒருவரிடம் போனோம்.

அவர் நல்ல மனுசன், அடிக்கவில்லை, மிளகாய்ப் புகை போடவில்லை. மூன்று ராத்திரி பூசை வைத்தார். பிள்ளையைத் தூங்கவிடாமல், பட்டினியாக உட்கார வைத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை கைகால் இழுத்துக்கொண்டது. முனி கோபமாயிருக்கிறது என்றார்கள். கோபமாக இருந்தது முனியல்ல. அது வலிப்பு. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் வலிப்பில் கைகால் இழுக்க வேண்டும் என்பதில்லை, இப்படி வெறித்துப் பார்ப்பதும் சப்புக்கொட்டுவதும்தான் தெரியும். தொடங்கும்போது காரணமில்லாத பயம்கூட வரலாம். தூக்கம் கெட்டால் அது கிளம்பும். அந்தப் பூசை ராத்திரிகள்தான் அதைப் பெரிதாக்கின.

அப்புறம்தான் மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் கேட்டது போனில் எடுத்த வீடியோவைத்தான், மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. பரிசோதனை அதற்குப் பிறகு. இ.இ.ஜி. சரியாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது, எடுக்கிற நேரத்தில் ஒன்றும் வராமல் போகலாம் என்றார். மாத்திரை தொடங்கியதும் குறைந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் அக்கா விரதம் என்று மாத்திரையை நிறுத்தினாள். மறுவாரம் பத்து நிமிசம் நிற்காமல் இழுத்தது, 108-ஐக் கூப்பிட்டு ஓடினோம். ஐந்து நிமிசத்துக்கு மேல் போனாலே ஆபத்து என்று அங்கேதான் சொன்னார்கள்.

உங்களிடம் வர வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் வருவார்கள். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே வைத்தியமும் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள், யாரும் சாமியை விட்டுவிடவில்லை. நீங்களும் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறதா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா, முடிந்ததும் ஞாபகம் இல்லையா? ஆமாம் என்றால் திருநீறு பூசி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காய்ச்சலோடு பிள்ளை நாலைந்து நாளில் ஆளே மாறிப்போனால் கேள்விகூட வேண்டாம், உடனே அனுப்புங்கள், அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். ராத்திரிப் பூசையைப் பகலில் வையுங்கள்.

கயிறு கட்டும்போது மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, "இதை ஒரு வேளைகூட விடாதே தாயி" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அக்கா கேட்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள்.