ஒளியிழை வடம் பதித்த பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதன்மைக் கட்டடத்துக்கும் பின்கட்டடத்துக்கும் இடையே பத்து கிகாபிட் வேகத்தில் ஃபைபர் இணைப்புப் போடும்படி பொதுக்குழு இட்ட பணி முடிந்தது. இணைப்பு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வகை வடம், ஒளியை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவர் மாட்யூல் எது, ஏன் என்று பலரும் கேட்டபடியால் கணக்கு வழக்கைத் தனித்தாளில் வைத்துவிட்டு, இந்த அறிக்கையில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

முதலில் தூரம். வரைபடத்தில் இரண்டு கட்டடங்களுக்கும் இடையே 310 மீட்டர்தான். அகன்ற உள்கரு உள்ள மல்ட்டிமோடு வடம் போதும் என்று சொன்ன உறுப்பினர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் வடம் நேர்கோட்டில் போவதில்லை. டக்ட் எனும் நிலத்தடிக் குழாய் போகும் வழியில் வளைந்து போகிறது, இரண்டு பக்கமும் மாடி ஏறுகிறது, பின்னாளில் வெட்டி ஒட்டுவதற்காக இரு முனையிலும் சில சுற்றுகள் உபரியாக வைக்க வேண்டும். வடத்தின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு முனையில் 1107, மறு முனையில் 1525. ஆக 418 மீட்டர். டிரான்ஸீவர் வாங்கும்போது கணக்கில் வரவேண்டியது இந்த எண்தான்.

மல்ட்டிமோடில் பத்து கிகாபிட்டுக்கு வழக்கமாகப் போடும் மாட்யூல் 10GBASE-SR. இது மல்ட்டிமோடு வகைகளில் ஓஎம்3 வடத்தில் 300 மீட்டர், ஓஎம்4 வடத்தில் 400 மீட்டர் வரை போகும். நாம் அதைப் பதினெட்டு மீட்டர் தாண்டிவிட்டோம். பதினெட்டு மீட்டர்தானே, ஓடிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஓடியும் இருக்கலாம். ஆனால் அந்த வரம்பு வெளிச்சம் மங்குவதால் வந்தது இல்லை. மல்ட்டிமோடின் உள்கரு 50 மைக்ரான் அகலம்; ஒளி அதற்குள் பல பாதைகளில் பாய்கிறது, ஒவ்வொரு பாதையும் சற்று முன்பின்னாக வந்து சேர்கிறது. ஒரு துடிப்பின் வால் அடுத்த துடிப்பின் தலைமேல் ஏறிவிடுகிறது. மாட்யூலின் சக்தியைக் கூட்டினாலும் இது சரியாகாது. வேகம் கூடக்கூடத் துடிப்புகள் நெருங்கும், எட்டும் தூரம் சுருங்கும். அதே ஓஎம்4 வடத்தில் 25 கிகாபிட்டுக்குப் போனால் 100 மீட்டர்தான் கணக்கு. அதாவது இன்று எப்படியோ ஓட்டிவிட்டாலும், அடுத்த முறை ஸ்விட்ச் மாற்றும்போது டக்ட்டை மறுபடி திறக்க வேண்டி வரும்.

சிங்கிள்மோடில் உள்கரு ஏறத்தாழ 9 மைக்ரான். ஒளிக்கு ஒரே பாதை. 10GBASE-LR மாட்யூல் 10 கிலோமீட்டர் போகும், 25 கிகாபிட்டின் எல்ஆர் மாட்யூலும் அதே தூரம் போகும். வடத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு இரு முனையிலும் மாட்யூலை மட்டும் மாற்றலாம். ஆகவே ஓஎஸ்2 வகை சிங்கிள்மோடு வடம், 12 இழை, என்று குழு முடிவெடுத்தது. எஸ்ஆர் மாட்யூலைவிட எல்ஆர் விலை கூடுதல்தான், அதை மறுக்கவில்லை. அதனால்தான் இயந்திர அறைக்குள் ரேக்குக்கு ரேக் ஓடும் பழைய ஓஎம்4 பேட்ச் கார்டுகள் எனும் சிறு இணைப்பு வடங்களைத் தொடவே இல்லை. அங்கே நீளம் இருபது மீட்டருக்குள். எஸ்ஆர் அங்கே மிகப் பொருத்தம்.

அடுத்து மாட்யூல். 418 மீட்டரில் இழைக்குள் போகும் இழப்பு ஒரு பொருட்டே இல்லை: 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபெல் என்று தாராளமாக வைத்தாலும் 0.17. வடத்தின் முனைகள் வந்து சேரும் பேனலில் இரண்டு கனெக்டர் சந்திப்புகளுக்கு அரை அரை டெசிபெல், இழையை ஒட்டிய இரண்டு ஸ்ப்ளைசுக்கு 0.1 வீதம். எல்லாம் சேர்த்து 1.4 டெசிபெல். ஒளியின் சக்தியைச் சொல்லும் டிபிஎம் அளவில் எல்ஆர் மாட்யூல் குறைந்தபட்சம் -8.2 அனுப்பும், வாங்கும் பக்கம் -14.4 வரை தாங்கும், இடைவெளி 6.2. நமக்குத் தேவை அதில் கால்வாசிகூட இல்லை.

இந்த இடத்தில் ஓர் உறுப்பினர் அன்போடு தந்த 40 கிலோமீட்டர் மாட்யூல்கள் இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூரம் கூடினால் தரமும் கூடும் என்று எண்ணித்தான் தந்தார். அந்த 10GBASE-ER மாட்யூல் +4 டிபிஎம் வரை அனுப்பக்கூடியது; ஆனால் அதன் வாங்கும் பக்கம் -1 டிபிஎம்முக்கு மேல் ஏற்காது. நம் வடம் நடுவில் ஒன்றரை டெசிபெல்கூடக் குறைக்காது. அப்படியே செருகினால் எதிர்ப்பக்க டிடெக்டர் திக்குமுக்காடும், பிழைகள் கொட்டும், டிடெக்டர் கெட்டும் போகலாம். நடுவே அட்டெனுவேட்டர் போட்டு ஒளியைக் குறைக்கலாம்தான். நானூறு மீட்டருக்கு அப்படி ஒரு வேலை எதற்கு? எல்ஆர் மாட்யூலுக்கு இந்தத் தொல்லை இல்லை: அனுப்பும் உச்சம் 0.5 டிபிஎம், வாங்கும் உச்சமும் 0.5. இரண்டு மீட்டர் கார்டில்கூட நேராக இணைக்கலாம். ஈஆர் மாட்யூல்களை நன்றியோடு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இணைப்புக் கொடுத்த அன்று இரு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது, பிழை எண்ணிக்கை சுழியம். வேலை முடிந்தது என்று வடம் பதித்தவர்கள் கையெழுத்துக் கேட்டார்கள். குழுவில் ஒருவர் அதற்கு முன் அளவுகளைப் பார்த்துவிடலாம் என்றார். பின்கட்டடத்து சர்வரில் `ethtool -m enp1s0f0` கொடுத்தபோது வந்த இரண்டு வரிகள் இவை:

```
Laser output power                    : 0.5888 mW / -2.30 dBm
Receiver signal average optical power : 0.0661 mW / -11.80 dBm
```

எதிர்ப்பக்க மாட்யூல் -2.1 அனுப்புவதாகச் சொன்னது. ஆக இந்தத் திசையில் இழப்பு 9.7 டெசிபெல். எதிர்த்திசையிலோ 1.3 மட்டுமே. மாட்யூல் தானே காட்டும் அளவில் இரண்டு மூன்று டெசிபெல் முன்பின் இருக்கலாம். அதற்காக எட்டு டெசிபெல் வித்தியாசத்தை அப்படி ஒதுக்க முடியாது. -14.4 வரை தாங்கும் என்பதால்தான் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதன்மைக் கட்டடத்துப் பேனலில் கார்டை விரலால் லேசாக அசைத்தபோது திரையில் எண் மாறியது. அந்தக் கார்டின் நிறம் கடல்நீலப் பச்சை. இயந்திர அறையின் ஓஎம்4 கார்டு அது. கைக்கு எட்டியதை எடுத்துச் செருகியிருக்கிறார்கள். கனெக்டர் ஒரே வடிவம், அழகாகப் பொருந்தும். அங்கிருந்து அனுப்பும்போது 50 மைக்ரான் உள்கருவுக்குள் பரந்த ஒளி 9 மைக்ரான் இழைக்குள் நுழைய வேண்டும். பெரும்பகுதி வெளியே சிதறிவிடும். வாங்கும் திசையில் குறுகியதிலிருந்து அகன்றதற்குப் போவதால் அநேகமாக எதுவும் குறையாது. ஒரு திசை மட்டும் மங்கியதற்கும், அசைத்தால் எண் ஆடியதற்கும் காரணம் இதுவே. மஞ்சள் நிற சிங்கிள்மோடு கார்டை முனை துடைத்துச் செருகியதும் வாங்கும் அளவு -3.6 டிபிஎம் ஆயிற்று.

இப்படியே விட்டிருந்தால் ஏதாவது ஒரு கனெக்டரில் தூசி படிந்த நாளில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். மாட்யூலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இரண்டு இழைகளைப் பயன்படுத்துகிறோம். மீதி பத்தும் முனை கட்டி, பவர் மீட்டரால் சோதித்து, மூடி போட்டுப் பேனலில் இருக்கின்றன. மஞ்சள் கார்டுகள் பேனல் அருகே தனிப் பெட்டியில் உள்ளன, ஓஎம்4 கார்டுகள் இனி இயந்திர அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு இழையின் சோதனை அளவும், இரு மாட்யூல்களின் தொடக்க அளவும் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. இணைப்பில் கோளாறு என்று தோன்றினால் முதலில் அந்தத் தாளோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டுவிட்டு, இரண்டு டெசிபெலுக்கு மேல் இறங்கியிருந்தால் குழுவுக்குச் சொல்லவும்.

இப்படிக்கு,
பணிக்குழு