பக்கம் 17-இல் ஒரு எழுத்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: பிடிஎஃப் திருத்தும் மென்பொருளுக்குக் கட்டிய ரூ. 4,200-ஐத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ‘எந்த பிடிஎஃப்-ஐயும் திருத்தலாம்’ என்ற உங்கள் விளம்பரத்தை நம்பித்தான் சந்தா கட்டினேன்.

வேலை சின்னதுதான். 1968-இல் அச்சான பாசன நூல் ஒன்றை, ஸ்கேன் செய்து, அதே தோற்றத்தில் மறுபதிப்பாகக் கேட்டார் ஒருவர். பக்கம் 17-இல் ‘வெண்ணாறு’ என்பது ‘வெண்ணறு’ என்று விழுந்திருந்தது. அதை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

முதலில் உங்கள் எழுத்துணரியை ஓட்டி, திருத்தும் பகுதியில் ‘வெண்ணாறு’ என்று மாற்றிச் சேமித்தேன். தேடினால் புதிய சொல் கிடைக்கிறது. அச்செடுத்தால் பழைய பிழை அப்படியே நிற்கிறது! ஸ்கேன் செய்த பக்கப் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைத்தான் உங்கள் மென்பொருள் வைக்கிறது. நான் திருத்தியது அந்த அடுக்கை. படத்தை யாரும் தொடவில்லை.

உங்கள் உதவியாளர் தம்பி ‘திருத்தக்கூடிய உரை’ முறைக்கு மாறச் சொன்னார். சரி, மாறினேன். படம் போய், பக்கம் முழுக்கப் புது எழுத்துருவில் வந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் இது. ணா, றா, னா எல்லாம் சுழித்த பழைய வடிவம்; ணை, லை தும்பிக்கை போட்டிருக்கும். உங்கள் எழுத்துணரிக்கு அவை பிடிபடவில்லை. ‘கல்லணை’ நான்கு இடத்தில் நான்கு விதமாக வந்தது. டெல்டாக்காரன் கல்லணையை விட்டுக்கொடுப்பானா? ஒரு பக்கத்தில் 31 பிழை. ஒப்பிட்டுத் திருத்த 40 நிமிடம் ஆனது. அதே பக்கத்தைத் தட்டச்சு செய்ய எனக்கு 15 நிமிடம்தான். ஆனால் எப்படிச் செய்தாலும் பழைய வடிவம் போய்விடும். 64 பக்கத்தில் ஒன்று மட்டும் வேறாகத் தெரியும்.

அப்புறம் வேலை முடிந்தது இலவச மென்பொருளில்தான். பக்கத்தைப் படமாக வெளியே எடுத்தேன்:

```
pdfimages -png -f 17 -l 17 nool.pdf pakkam
```

அதே பக்கத்தில் ஐந்து வரி கீழே ‘வெண்ணாறு’ சரியாகவே இருந்தது. அந்தச் சொல்லை வெட்டிப் பிழையின் மேல் ஒட்டி, அடிவரியை ஒழுங்குபடுத்தினேன். பழைய ணா ஒரே எழுத்து என்பதால் அகலம் ஒரு மயிரிழைதான் கூடியது; அடுத்த இடைவெளியில் அது அடங்கிவிட்டது. காகிதத்தின் பழுப்பு நிறம்கூட மாறவில்லை.

எழுத்துணரியை ஓட்டும் முன் ஸ்கேன் கோப்பில் எழுத்துருவே இல்லை, வெறும் படம்தான் என்பதை ஆவணப் பண்புகளைத் திறந்தாலே பார்க்கலாம். எழுத்துருப் பட்டியல் காலியாக இருக்கும். அதை உங்கள் மென்பொருளே பார்த்து, ‘இங்கே திருத்தினால் படம் மாறாது’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே?

பணத்தை 15 நாளில் திருப்பித் தரவும். ரசீதையும் இரண்டு அச்சுப் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி வாடிக்கையாளர்